கிழிஞ்ச பழைய போட்டோவுல முகத்துல ஒரு பாகமே இல்ல, அதை எப்படி திரும்ப கொண்டு வர்றது? அடிக்கடி கேக்குற கேள்விகள்

தாத்தாவோட போட்டோ ஒண்ணுதான் இருக்கு, அதுவும் கிழிஞ்சு ஒரு கண்ணும் கன்னமும் போயிடுச்சு. இல்லாத முகத்தை எங்கேர்ந்து எடுப்பீங்க?

முதல்ல அந்த முகத்துலேர்ந்தே எடுக்கணும். மிச்சம் இருக்குற கண்ணு, மிச்சம் இருக்குற கன்னம், கிழிசல் ஓரத்துல ஒட்டிக்கிட்டு இருக்குற துளி துளி விவரம், இதுங்கதான் முதல் மூலப்பொருள். அதுல கிடைக்காததுக்கு அதே ஆளோட வேற போட்டோ. அதுவும் இல்லன்னா மட்டும்தான் கையால வரையறது, அதையும் எவ்வளவு கம்மியா செய்ய முடியுமோ அவ்வளவு கம்மியா. இந்த வரிசையை மாத்தினா படம் அழகா வரும், ஆனா வீட்டுல இருக்குறவங்க பார்த்துட்டு "யாரு இது"ன்னு கேப்பாங்க.

இந்தப் பக்கம் முழுக்க ஒரே ஒரு வகை போட்டோவை வச்சுதான் பேசப் போறேன். கருப்பு வெள்ளை, ஸ்டுடியோவுல எடுத்தது, 6 செ.மீ.க்கு 9 செ.மீ. பிரிண்ட். ஆளு கிட்டத்தட்ட நேரா பாக்குறாரு, தலை மட்டும் நமக்கு வலது பக்கமா லேசா திரும்பி இருக்கு. வெளிச்சம் நமக்கு இடது பக்கம் மேலேர்ந்து வருது. கிழிசல் வலது மேல் மூலையிலேர்ந்து சாய்வா இறங்கி வலது கண்ணு, புருவத்துல முக்கால்வாசி, கன்னத்தோட மேல் பாகம் எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிடுச்சு. மூக்கு ஓரமா இருக்குற கண்ணோட உள் முனை மட்டும் தப்பிச்சு நிக்குது. இனிமே வலது இடதுன்னு சொன்னா படத்தைப் பாக்குற நமக்கு வலது இடதுன்னே எடுத்துக்கோங்க, அவரோட வலது இடது இல்ல.

ஸ்கேன் எப்படி பண்ணணும்? போன்ல போட்டோ எடுத்தா போதாதா?

கிழிசல் வேலைக்கு ஃபிளாட்பெட் ஸ்கேனர்தான் சரி. போன்ல எடுத்தா லென்ஸ் முகத்தோட அளவை லேசா வளைச்சுடும், வெளிச்சமும் ஒரு பக்கம் ஏறி இன்னொரு பக்கம் இறங்கி இருக்கும், நாம பின்னாடி அளந்து வேலை செய்யப் போறதால அந்த ரெண்டுமே தொல்லை.

1200 டிபிஐ வைங்க. அப்போ ஒரு மில்லிமீட்டருக்கு சுமார் 47 பிக்சல் கிடைக்கும். நம்ம போட்டோவுல முகத்தோட அகலம் 18 மி.மீ. தான், அதாவது 850 பிக்சல், அதுல ஒரு கண்ணு சுமார் 170 பிக்சல். இதுவே 300 டிபிஐல எடுத்திருந்தா கண்ணுக்கு 40 பிக்சல் சொச்சம்தான் வரும், அதுல இமை மடிப்பையும் கருவிழியையும் தனித்தனியா நகர்த்தவே முடியாது. கேபினட் சைஸ் மாதிரி பெரிய பிரிண்ட்டா இருந்தா 600 போதும்.

கருப்பு வெள்ளை படமா இருந்தாலும் கலர்லயே ஸ்கேன் பண்ணுங்க, 16 பிட், டிஃப் ஃபைல். காரணம் இருக்கு. கிழிசலை யாராவது டேப் போட்டு ஒட்டி வச்சிருந்தா அங்க மஞ்சளா ஒரு கறை இருக்கும். அந்த மஞ்சள் நீல சேனல்ல இருட்டா தெரியும், சிவப்பு சேனல்ல பாதிக்கு மேல காணாமலே போயிடும். அதனால சிவப்பு சேனலை மட்டும் எடுத்து கருப்பு வெள்ளையா மாத்துனா கறை வேலை அப்பவே பெரும்பாலும் முடிஞ்சுடும். நேரடியா கருப்பு வெள்ளையில ஸ்கேன் பண்ணினா இந்த வாய்ப்பு போயிடும். ஸ்கேனர் சாஃப்ட்வேர்ல ஷார்ப் பண்றது, தூசி எடுக்குறதுன்னு தானா ஓடுற எல்லாத்தையும் ஆஃப் பண்ணிடுங்க, அது கிழிசல் ஓரத்துல இருக்குற நிஜமான விவரத்தையும் தூசின்னு நினைச்சு தேய்ச்சுடும்.

கிழிஞ்ச துண்டு சின்னதா ஒண்ணு ரெண்டு கிடைச்சிருக்கு. ஒட்டிட்டு ஸ்கேன் பண்ணலாமா?

ஒட்டவே வேண்டாம், டேப்பும் கம்மும் பக்கத்துலயே வரக்கூடாது. துண்டுகளைத் தனித்தனியா, கொஞ்சம் இடைவெளி விட்டு, அசல் படத்தோட அதே திசையில கண்ணாடி மேல வச்சு ஸ்கேன் பண்ணுங்க. திசை முக்கியம், ஏன்னா ஸ்கேனர் விளக்கு ஒரு பக்கத்துலேர்ந்துதான் அடிக்குது, துண்டைத் திருப்பி வச்சா காகிதத்தோட மேடு பள்ளம் வேற மாதிரி நிழல் விழும், அப்புறம் ரெண்டும் ஒரே படம் மாதிரி சேராது. ஓரத்தைக் கத்தரிச்சு நேராக்கிடாதீங்க, சில பேர் அதைச் செஞ்சுடறாங்க, பார்க்கவே மனசு வலிக்கும்.

கம்ப்யூட்டர்ல ஒவ்வொரு துண்டையும் ஒரு லேயரா வச்சு சேருங்க. சேர்க்கும்போது காகித ஓரத்தைப் பார்த்து சேர்க்காதீங்க. போட்டோ காகிதம் கிழியும்போது சரிவா கிழியும், மேல இருக்குற படப் பூச்சு ஒரு கோட்டுல விடும், கீழ இருக்குற காகிதம் இன்னொரு கோட்டுல விடும், அதனால ஒரு துண்டுல வெள்ளையா ஒரு விளிம்பு நீட்டிக்கிட்டு நிக்கும். அந்த வெள்ளை மேல இன்னொரு துண்டோட பூச்சு ஏறி உக்காரணும். சட்டைக் காலர், தலைமுடிக் கோடு, தாடைக் கோடு இதுங்க தொடர்ச்சியா ஓடுதான்னு பார்த்து வைங்க. வெள்ளை விளிம்பு முழுசும் "இல்லாத பாகம்"தான், அதையும் சேர்த்தே மாஸ்க் போட்டு மறைச்சுடுங்க. ஒரு மில்லிமீட்டர் வெள்ளைன்னா 47 பிக்சல், அதை விட்டுட்டு வேலை ஆரம்பிச்சா கடைசி வரைக்கும் ஒரு வெளுத்த கோடு துரத்திக்கிட்டே வரும்.

எவ்வளவு மிச்சம் இருந்தா நம்பி ஆரம்பிக்கலாம்?

நேரா பாக்குற முகத்துல ஒரு பாதி முழுசா இருக்கணும், அதோட காணாம போன பாதியிலேர்ந்தும் குறைஞ்சது ரெண்டு புள்ளி இருக்கணும். நம்ம படத்துல கண்ணோட உள் முனை ஒண்ணு, வலது வாய் முனை ஒண்ணு. இந்த ரெண்டும் இருந்தா புது கண்ணு எங்க உக்காரணும்னு ஊகிக்க வேண்டாம், அளந்துடலாம். ரெண்டு கண்ணும் போயிடுச்சு, மூக்கும் போயிடுச்சு, வேற போட்டோவும் இல்லன்னா அதை முகமா கட்டாதீங்க. கிழிசலைச் சுத்தம் பண்ணி, அந்த இடத்தை பின்னணியோட சாம்பல் நிறத்துல அமைதியா நிரப்பி விட்டுடறதுதான் அந்த ஆளுக்கு செய்ற மரியாதைன்னு நான் நினைக்கிறேன்.

நல்லா இருக்குற கண்ணைக் காப்பி பண்ணி ஃபிளிப் பண்ணி வச்சேன். ஏதோ கோணலா இருக்கு, ஏன்?

பெரும்பாலும் தலைச் சாய்வுதான் காரணம். யாரும் தலையை தராசு முள்ளு மாதிரி நேரா வச்சுக்கிட்டு உக்கார மாட்டாங்க. நம்ம ஆளோட தலை 3 டிகிரி இடது பக்கம் சாஞ்சிருக்குன்னு வைங்க, இடது கண்ணும் அதே 3 டிகிரி சாஞ்சு இருக்கும். ஃபிளிப் பண்ணினதும் அது எதிர்ப்பக்கம் 3 டிகிரி சாயும். ஆக ஒட்டுற துண்டை 3 இல்ல, 6 டிகிரி திருப்பணும். இதைத் தெரியாம 3 டிகிரியோட நிறுத்திட்டு மீதியை வார்ப் பண்ணி வார்ப் பண்ணி இழுத்துக்கிட்டு இருப்பாங்க, இமை வளைவே கெட்டுப் போயிடும்.

அதனால எதையும் ஒட்டுறதுக்கு முன்னாடி ஒரு வெறும் லேயர்ல மூணு கோடு போடுங்க. ரெண்டு வாய் முனையையும் சேர்த்து ஒண்ணு. அது எவ்வளவு சாஞ்சிருக்கோ அதே சாய்வுல, நல்ல கண்ணோட உள் முனையிலேர்ந்து கிழிசலுக்கு அந்தப் பக்கம் வரைக்கும் இன்னொண்ணு. இது தப்பிச்ச உள் முனை மேலயே போய் விழணும், விழுந்தா சாய்வு சரி. கொஞ்சம் மேலயோ கீழயோ போச்சுன்னா நிஜமான ரெண்டு உள் முனையையும் நம்புங்க, வாயை நம்பாதீங்க, ஏன்னா வாய் கோணுறது சகஜம். மூணாவது கோடு நடு மூக்கு மேட்டுலேர்ந்து மேல் உதட்டு பள்ளம் வழியா தாடைக்கு.

அடுத்தது அகலம். தலை வலது பக்கம் லேசா திரும்பி இருக்குறதால வலது பாதி நமக்குக் குறுகலாத்தான் தெரியும், அதே 170 பிக்சல் கண்ணை அங்க வச்சா முழி பிதுங்கின மாதிரி ஆயிடும். எவ்வளவு குறுக்கணும்னு வாயே சொல்லும். நடுக்கோட்டுலேர்ந்து இடது வாய் முனை 150 பிக்சல், வலது முனை 140 பிக்சல்னா விகிதம் 0.93. கண்ணோட அகலத்தையும் 93 சதவீதத்துக்கு கொண்டு வாங்க, சுமார் 158 பிக்சல் வரும். உயரத்தைத் தொடாதீங்க. கண்ணு முகத்தோட வளைஞ்சு போற பாகத்துல இருக்குறதால வெளி முனைப் பக்கம் இன்னும் ஒரு துளி குறுக வேண்டி வரலாம், அதை மட்டும் கண்ணால பார்த்து பண்ணுங்க.

வெட்டும்போது கண்ணை மட்டும் நெருக்கி வெட்டாம புருவத்துக்கு மேலேர்ந்து கன்ன எலும்பு வரைக்கும் தாராளமா வெட்டுங்க. வச்சதுக்கு அப்புறம் மாஸ்க்ல மெதுவான பிரஷ்ஷால ஓரத்தைக் குறைச்சுக்கிட்டே வாங்க, இமை மடிப்பு, புருவத்தோட கீழ் ஓரம் மாதிரி ஏற்கனவே கோடு இருக்குற இடத்துல இணைப்பு விழுந்தா தெரியாது. வெறும் கன்னத்துக்கு நடுவுல விழுந்தா பளிச்சுனு தெரியும். இன்னொண்ணு, அசல்ல ஒரு பிக்சல் இருந்தாலும் அதுதான் ஜெயிக்கணும். தப்பிச்ச உள் முனைக்கு மேல ஒட்டுத் துண்டு ஏறக்கூடாது.

எல்லாம் அளந்து வச்சும் பார்வை எங்கேயோ போகுது, மாறுகண் மாதிரி இருக்கு. என்ன பண்றது?

கருவிழியை ஃபிளிப் பண்ணக் கூடாது, இமையை மட்டும்தான் ஃபிளிப் பண்ணணும். ஃபிளிப் பண்ற வேலையில முக்கியமான விஷயம்னு ஒண்ணே ஒண்ணு சொல்லச் சொன்னா இதைத்தான் சொல்வேன்.

நம்ம ஆளு தலையை வலது பக்கம் திருப்பிட்டு கேமராவைப் பாக்குறாரு. அப்போ ரெண்டு கருவிழியும் இடது பக்கமா நகர்ந்து நிக்கும். இடது கண்ணுல அது வெளி முனைக்குப் பக்கம், வலது கண்ணுல உள் முனைக்குப் பக்கம். இடது கண்ணை அப்படியே ஃபிளிப் பண்ணினா புது கண்ணுலயும் கருவிழி வெளி முனைக்குப் பக்கமா போய் நின்னுடும், ஒரு கண்ணு உங்களைப் பாக்கும், இன்னொண்ணு வெளிய பாக்கும்.

கூடவே கண்ணுக்குள்ள இருக்குற வெளிச்சப் புள்ளி. விளக்கு இடது மேல இருந்தா அந்தப் புள்ளி ரெண்டு கண்ணுலயுமே கடிகாரத்துல 10 மணி இருக்குற இடத்துல விழும். ஃபிளிப் ஆன கண்ணுல அது 2 மணிக்கு ஓடிடும். பாக்குறவங்களுக்கு என்ன தப்புன்னு சொல்லத் தெரியாது, ஆனா மூஞ்சி உயிரோட இல்லன்னு மட்டும் தோணும்.

பண்ண வேண்டியது இதுதான். ஃபிளிப் பண்ணின துண்டுல கருவிழியைக் கிளோன் பண்ணி வெள்ளை முழியால மூடிடுங்க. நல்ல கண்ணுலேர்ந்து கருவிழியை மட்டும் வட்டமா, ஃபிளிப் பண்ணாம காப்பி எடுத்து தனி லேயர்ல வைங்க. அளவைக் குறைக்காதீங்க, இவ்வளவு லேசான திருப்பத்துல கருவிழி கிட்டத்தட்ட அதே அளவுதான். மேல் இமை கருவிழியோட உச்சியைக் கொஞ்சம் மூடும், நல்ல கண்ணுல எவ்வளவு மூடி இருக்கோ அவ்வளவே இங்கயும் மாஸ்க்கால மூடுங்க, முழு வட்டம் தெரிஞ்சா பயந்து போன மாதிரி இருக்கும். அப்புறம் இடது வலதா ரெண்டு மூணு பிக்சலா நகர்த்தி, படத்தைச் சின்னதாக்கிப் பாருங்க. ரெண்டு கண்ணும் ஒரே இடத்தைப் பாக்குற அந்தப் பொசிஷன் சட்டுன்னு தெரிஞ்சுடும், ரெண்டு பிக்சல் தள்ளினா திரும்ப போயிடும், அவ்வளவு நுணுக்கமானது.

வடிவம் சரியா வந்துடுச்சு, ஆனா ஒட்டு போட்ட மாதிரியே தெரியுது.

அது வெளிச்சம். வடிவத்தை விட வெளிச்சம்தான் ஒட்டைக் காட்டிக் கொடுக்கும். வெளிச்சம் விழுற இடது பக்கத்துலேர்ந்து எடுத்த தோலை நிழல்ல இருக்குற வலது பக்கத்துல வச்சிருக்கோம். 0லேர்ந்து 255 வரைக்கும் இருக்குற அளவுல இடது கன்னம் 190 இருந்தா வலது கன்னம் 120 தான் இருக்கும். மொத்தமா இருட்டாக்கினா பத்தாது, ஏன்னா ஃபிளிப் ஆன துண்டுல நிழல் ஏறுற திசையே தலைகீழா இருக்கு, மூக்குப் பக்கம் இருட்டா இருக்க வேண்டிய இடம் வெளுப்பா இருக்கும், காது பக்கம் வேற மாதிரி.

அதனால விவரத்தையும் வெளிச்சத்தையும் ரெண்டா பிரிச்சுடணும். கிம்ப்ல எப்படின்னு சொல்றேன். ஒட்டுத் துண்டு லேயரை ரெண்டு காப்பி எடுங்க. மேல் காப்பிக்கு `Gaussian Blur`, இமை முடியும் தோல் சுருக்கமும் கரைஞ்சு கன்னத்தோட மேடு பள்ளம் மட்டும் தெரியுற அளவுக்கு, நம்ம படத்துக்கு 12லேர்ந்து 15 பிக்சல். அதே மேல் காப்பியோட மோடை `Grain extract`னு மாத்துங்க. இந்த ரெண்டு காப்பியைத் தவிர மத்த லேயர் எல்லாத்தையும் மறைச்சுட்டு `New from Visible`, சாம்பல் நிறத்துல விவரம் மட்டும் இருக்குற ஒரு லேயர் வரும். மங்கலாக்கின காப்பியோட மோடைத் திரும்ப `Normal`னு மாத்திட்டு, இந்தப் புது லேயரை அதுக்கு மேல வச்சு மோடை `Grain merge`னு வைங்க. போட்டோஷாப்ல இதே வேலைக்கு `Apply Image`, மேல் லேயர் மோடு `Linear Light`.

இப்போ விவர லேயரைத் தொடாதீங்க. மங்கலா இருக்குற கீழ் லேயர்ல மட்டும் மெல்லிய பெரிய பிரஷ்ஷால சாயம் மாத்துங்க, நிறத்தை அசல்ல மிச்சம் இருக்குற வலது பக்கத் தோல்லேர்ந்தே எடுங்க. கிழிசலுக்குக் கீழ இருக்குற கன்னத்துல 120, மூக்குக்கும் கண்ணுக்கும் நடுவுல இருக்குற பள்ளத்துல 90, வெளி ஓரம் காது பக்கம் மறுபடி கொஞ்சம் இறங்கும். பிரஷ் ஓபாசிட்டி 10 சதவீதத்துக்கு மேல போகாதீங்க, பொறுமையா ஏத்துங்க.

எல்லாரும் தவற விடறது வெள்ளை முழி. கண்ணு வெள்ளைன்னு மனசுல பதிஞ்சிருக்கு, அதனால நிழல்ல இருக்குற கண்ணுக்கும் வெள்ளையே விட்டுடறோம். நம்ம படத்துல நல்ல கண்ணோட வெள்ளை 200ன்னா நிழல் கண்ணோடது 130 பக்கம்தான் இருக்கணும், கிட்டத்தட்ட பக்கத்து தோல் நிறமே. அளந்து பார்த்தா நம்ப முடியாது, வச்சுப் பார்த்தா டக்குனு முகம் சேர்ந்துடும்.

ஹீலிங் பிரஷ் ஓரத்துல தொட்டா கருப்பா அழுக்கு மாதிரி பரவுதே?

அந்த பிரஷ் சுத்தி இருக்குற நிறத்தை எடுத்துக் கலக்கும், பக்கத்துல கருப்பு முடியோ வெள்ளைக் கிழிசலோ இருந்தா அதையும் சேர்த்து இழுத்துட்டு வந்துடும். தாடைக் கோடு, முடி ஓரம், இமை ஓரம் இதுக்குப் பக்கத்துல கிளோன் டூல் மட்டும். வெறும் தோல்ல ஹீலிங்.

கிட்டப் போய் பார்த்தா ஒட்டின இடம் மட்டும் வழுவழுன்னு இருக்கு.

பழைய பிரிண்ட்ல ஃபிலிம் கிரெயின் இருக்கும், நீங்க துண்டைச் சுருக்கி, திருப்பி, வார்ப் பண்ணும்போது ஒவ்வொரு தடவையும் அது கரையும். அதனாலதான் சுருக்குறது திருப்புறது எல்லாத்தையும் ஒரே டிரான்ஸ்ஃபார்ம்ல முடிங்கன்னு சொல்றது.

கிரெயினைக் கண்ணால ஊகிச்சுப் போடாம அளந்து போடலாம். அசல்ல கண்ணுக்குக் கீழ ஒரே சீரான தோல் இருக்குற சின்னப் பகுதியை செலக்ட் பண்ணி ஹிஸ்டோகிராம் திறந்தீங்கன்னா `Std Dev`னு ஒரு எண் இருக்கும். அங்க 5 வருது, ஒட்டின இடத்துல 2 வருதுன்னா வித்தியாசம் அதுதான். ஒட்டு மேல தனியா ஒரு சாம்பல் லேயரை `Grain merge` மோடுல வச்சு, ஒரே நிற நாய்ஸ் போட்டு, அதை அரை பிக்சல் அளவுக்கு மங்கலாக்கி, ரெண்டு எண்ணும் பக்கத்துல வர்ற வரைக்கும் கூட்டுங்க. மங்கலாக்காம விட்டா பிக்சல் பிக்சலா கூர்மையா நின்னு டிஜிட்டல் புள்ளி மாதிரி தெரியும். பிரிண்ட் காகிதத்துலயே தேன்கூடு மாதிரி டெக்ஸ்ச்சர் இருந்தா நாய்ஸ் உதவாது, வெறும் பின்னணியிலேர்ந்து அந்த டெக்ஸ்ச்சரை எடுத்து விவர லேயரா மேல போடணும்.

எங்க படத்துல முகம் நல்லாவே திரும்பி இருக்கு, முக்கால்வாசிதான் தெரியுது. இதே முறை வேலை செய்யுமா?

செய்யாது. தூரத்துல இருக்குற கண்ணுல மூக்கு மேடு உள் முனையை மறைச்சுடும், வெளி முனை முகத்தோட வளைவுல மறைஞ்சுடும், பக்கத்துக் கண்ணை எவ்வளவு குறுக்கினாலும் அந்த வடிவம் வராது. இதுக்கு அதே ஆளு அதே பக்கம் திரும்பி இருக்குற வேற போட்டோ வேணும், இல்லன்னா எதிர்ப்பக்கம் திரும்பி இருக்குறதை ஃபிளிப் பண்ணிக்கலாம்.

வேற போட்டோ இருக்கு, ஆனா வயசு வேற. அவர் தம்பி போட்டோ கூட இருக்கு. எதை எடுக்குறது?

அவரோட போட்டோதான், பத்து வருஷம் வித்தியாசம் இருந்தாலும். பெரியவங்களுக்கு கண் குழியும் மூக்கு எலும்பும் அவ்வளவா மாறாது, மாறுறது இமை தொங்குறது, கண்ணுக்குக் கீழ பை, கன்னத்துச் சதை. அதனால வடிவத்தை வேற வயசு போட்டோவுலேர்ந்து எடுத்துட்டு தோலை இந்தப் படத்துலேர்ந்து எடுங்க. சின்னப் புள்ளையா இருந்தப்போ எடுத்த படம் மட்டும் உதவாது, குழந்தைக்கு முகத்தோட அளவுப் பொருத்தமே வேற.

வேற போட்டோ தேடும்போது ஷார்ப்பா இருக்கான்னு முதல்ல பாக்காதீங்க, தலை எந்தப் பக்கம், வெளிச்சம் எந்தப் பக்கம்னு பாருங்க. ரொம்ப கிட்டேர்ந்து எடுத்த படத்துல மூக்கு பெருசாவும் காது சின்னதாவும் இருக்கும், அதையும் கவனிங்க.

தம்பி போட்டோவை பிக்சலா ஒட்டாதீங்க. புருவம் எங்க முடியுது, இமை மடிப்பு ஒத்தையா ரெட்டையான்னு ஒரு சந்தேகம் தீர்த்துக்க பக்கத்துல வச்சுப் பாருங்க, அவ்வளவுதான். ஒட்டினா அண்ணன் முகத்துல தம்பி வந்து உக்காந்துடுவாரு, குடும்பத்துல இருக்குறவங்க அதைக் கண்டுபிடிச்சுடுவாங்க.

கண்ணு இல்ல, வாய் பாதி போயிருந்தா? மூக்கு போயிருந்தா?

மூக்கோட ஒரு பக்க மடல் போயிருந்தா ஃபிளிப் பண்ணலாம், ஆனா மூக்கு நிழலை ஃபிளிப் பண்ணக் கூடாது, நிழல் ஒரு பக்கம் மட்டும்தான் விழும். மூக்கோட நுனியே போயிருந்தா வேற போட்டோ இல்லாம தொடாதீங்க.

வாய்தான் ரொம்ப கஷ்டம். ஒவ்வொருத்தர் சிரிப்பும் ஒரு பக்கம் கொஞ்சம் ஏறி இருக்கும், அந்த ஏத்தம்தான் அவங்களை அவங்களா காட்டுறதே. பாதி வாயை ஃபிளிப் பண்ணினா சரிசமமா, பொம்மை வாய் மாதிரி வந்துடும். ஃபிளிப் பண்ணிட்டு வாய் முனையை மட்டும் வேற போட்டோவைப் பார்த்து ரெண்டு மூணு பிக்சல் மேலயோ கீழயோ நகர்த்துங்க, அங்கேர்ந்து கன்னத்துக்கு ஏறுற மடிப்பையும் அதே அளவு நகர்த்துங்க. மச்சம், தழும்பு, வகிடு இதெல்லாம் ஒரு பக்கத்துக்கு மட்டும் சொந்தம், ஃபிளிப் ஆன துண்டுல வந்துடுச்சான்னு பார்த்து எடுத்துடுங்க.

கலர் போட்டோவா இருந்தா?

வேலை அதேதான், முதல்ல வெளிச்ச அளவை முடிச்சுட்டு கடைசியா நிறம். பழைய கலர் பிரிண்ட் மங்கும்போது எல்லா நிறமும் ஒரே அளவுல மங்காது, அதனால மொத்தப் படத்தோட நிறத்தை முதல்ல சரி பண்ணிட்டு அப்புறம் ஒட்டுங்க.

முடிச்சுட்டேன்னு நினைக்கிறேன். சரியா இருக்குன்னு எப்படி தெரிஞ்சுக்கிறது?

மொத்தப் படத்தையும் இடம் வலம் ஃபிளிப் பண்ணிப் பாருங்க, ரொம்ப நேரம் பார்த்துப் பழகின கண்ணுக்கு கோணல் உடனே தெரியும். அடுத்து, எல்லாத்துக்கும் மேல ஒரு கர்வ்ஸ் லேயர் போட்டு கோட்டை மேலயும் கீழயுமா அலை மாதிரி வளைச்சு விடுங்க, படம் அசிங்கமா ஆகும், ஆனா சாதாரணமா கண்ணுக்குத் தெரியாத ஒட்டு ஓரம் எல்லாம் பட்டை பட்டையா வெளிய வந்துடும். சரி பண்ணிட்டு அந்த லேயரை எடுத்துடுங்க. கடைசியா அசல் அளவுல, 6க்கு 9 செ.மீ.யா வச்சுப் பாருங்க.

இதையெல்லாம் விட பெருசு அவரை நேர்ல பார்த்தவங்க கண்ணு. எந்தப் பக்கம் புதுசுன்னு சொல்லாம காட்டுங்க. "இந்தக் கண்ணு கொஞ்சம்..."னு புதுப் பக்கத்தைக் காட்டி இழுத்தாங்கன்னா அளவு எல்லாம் சரியா இருந்தாலும் அவங்க சொல்றதுதான் சரி. பெரும்பாலும் புருவத்தோட உயரமும் மேல் இமை எவ்வளவு இறங்கி இருக்குங்குறதும்தான் அவங்களுக்கு இடிக்கும், அதைத்தான் முதல்ல நகர்த்திப் பாருங்க.

ஃபைலை எப்படி வச்சுக்கிறது? இதைப் பார்த்து அசல் போட்டோவுலயே வரைஞ்சுடலாமா?

அசல்ல ஒரு புள்ளி கூட வைக்காதீங்க. கிழிஞ்சபடியே, ஆல்பத்துல பசை இல்லாம மூலையில சொருகுறது மாதிரியோ அமிலம் இல்லாத காகித உறையிலயோ துண்டுகளோட சேர்த்து வைங்க, தொலைஞ்ச துண்டு என்னைக்காவது பழைய பெட்டியில கிடைச்சா அப்போ இந்த வேலையை நிஜத்தோட ஒப்பிட்டுத் திருத்தலாம்.

மூணு ஃபைல் வேணும். கை வைக்காத ஸ்கேன், லேயர் எல்லாம் இருக்குற வேலை ஃபைல், பிரிண்ட்டுக்கு ஒரு தட்டையான காப்பி. ஃபைல் பேர்லயே எது எதுன்னு தெரியணும், தட்டையான காப்பியோட கேப்ஷன் தகவல்ல "வலது கண்ணும் கன்னமும் இடது பக்கத்துலேர்ந்து எடுத்துச் சேர்த்தது"ன்னு ஒரு வரி எழுதுங்க, பிரிண்ட் போட்டா பின்பக்கம் ஓரமா பென்சில்ல அதையே எழுதுங்க. இல்லன்னா முப்பது வருஷம் கழிச்சு யாராவது இந்தப் படத்தை வச்சு "தாத்தாவுக்கு ரெண்டு புருவமும் ஒரே மாதிரி இருந்துச்சு"ன்னு நம்பிடுவாங்க.